பேனல் நிழலில் பயிர் செய்தால் விளைச்சல் கூடுமா, குறையுமா?

சோலார் பேனல்களை உயரமான தூண்களில் ஏற்றி, அடியில் பயிர் செய்வது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பேச்சு இரண்டே வகையாக இருக்கிறது. ஒரு தரப்பு, "நிழல் விழுந்த இடத்தில் என்ன விளையும்? விளைநிலத்தைக் கம்பெனிக்கு எழுதி வாங்க இது ஒரு சாக்கு" என்கிறது. இன்னொரு தரப்பு, "அமெரிக்காவில் மிளகாய் மூன்று மடங்கு காய்த்திருக்கிறது, தெரியுமா?" என்று வாட்ஸாப்பில் படம் அனுப்புகிறது.

இரண்டு பேச்சுக்கும் பின்னால் உண்மையான வயல்கள் உண்டு. ஒரே வயல், அதே பேனல், அதே தூண், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள்: முதலாண்டில் உருளைக்கிழங்கு விளைச்சல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, மறு ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஜெர்மனியில் நடந்த இந்தச் சோதனை ஏன் அப்படி முடிந்தது என்று புரிந்துகொண்டால், பேனல் அடியில் பயிர் செய்வதன் முக்கால்வாசி விஷயம் புரிந்துவிடும். அங்கே போவதற்கு முன் நமக்குப் பழக்கமான ஒரு நிழலிலிருந்து தொடங்கலாம்.

## தென்னந்தோப்பில் ஏற்கெனவே தெரிந்தது

தென்னையை ஏறத்தாழ 25 அடி இடைவெளியில் நடுகிறோம். முதல் ஏழெட்டு ஆண்டுகள் நடுவில் நிலக்கடலை, உளுந்து, காய்கறி எது போட்டாலும் வருகிறது. அதன் பிறகு மட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று நெருங்கிவிடும். மரம் இன்னும் குட்டைதான், ஆனால் தலை பெரிது. அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தோப்புக்குள் ஊடுபயிர் சொல்லிக்கொள்ளும்படி வராது. மரத்துக்கு 20, 25 வயதானதும் நிலைமை மறுபடி மாறுகிறது. தண்டு உயர்ந்துவிட்டதால் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் உள்ளே வருகிறது. கோகோ, வாழை, மிளகு என்று அடியில் ஒரு தோட்டமே நடக்கிறது.

இங்கே மரங்களின் எண்ணிக்கையும் மாறவில்லை, இடைவெளியும் மாறவில்லை. தலையின் அகலமும் உயரமும்தான் மாறின. நிழல் என்பது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அல்ல என்பது தோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியும். எவ்வளவு இடம் மூடப்பட்டிருக்கிறது, எந்த உயரத்தில், நிழல் பகலில் நகர்கிறதா ஒரே இடத்தில் கிடக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அவர் ஊடுபயிரைத் தேர்ந்தெடுக்கிறார். பேனலுக்கும் இதே கேள்விகள்தான்.

வித்தியாசமும் உண்டு. தென்னை வேர் பயிரின் தண்ணீரிலும் உரத்திலும் பங்கு கேட்கும். இரும்புத் தூண் எதையும் கேட்காது. ஆனால் மட்டையின் ஊடே பொட்டுப்பொட்டாக ஒளி கசியும். பேனலின் ஊடே கசியாது. பேனலுக்கு அடியில் விழுவது கெட்டியான, ஓரம் வெட்டினாற்போன்ற நிழல்.

## இலைக்கு வெயில் எவ்வளவு வேண்டும்?

பேனல் விவசாயத்தை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, "செடிக்கு முழு வெயில் தேவையே இல்லை" என்பதுதான். இதில் பாதி உண்மை.

இலை, ஒளியின் உதவியால் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துத் தனக்கான உணவைச் செய்கிறது. அதுதான் ஒளிச்சேர்க்கை. ஒளி கூடக்கூட இந்த வேலை வேகமாகும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் வேகம் கூடாது. அந்த எல்லையை ஒளி நிறைவுநிலை என்கிறார்கள். நெல், கோதுமை, பயறு வகைகள், உருளைக்கிழங்கு, பெரும்பாலான காய்கறிகள் ஆகியவற்றில் ஒரு தனி இலையை எடுத்துப் பார்த்தால், உச்சி வெயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள்ளாகவே அது நிறைந்துவிடுகிறது. மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு ஆகியவை வேறு வகை. அவற்றின் இலை உச்சி வெயில் வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் பேனல் நிழலுக்கு இந்த இரண்டாவது கூட்டம் பொதுவாகப் பொருந்தாது.

ஜப்பானில் அகிரா நாகாஷிமா முன்வைத்த "சூரியனைப் பங்கிடுதல்" முறை இந்த நிறைவுநிலையை அடிப்படையாகக் கொண்டதுதான்: செடிக்கு மிஞ்சுகிற வெயிலை மின்சாரமாக எடுத்துக்கொள்வோம் என்பது அவர் வாதம்.

பாதி உண்மை என்று சொன்னேன் அல்லவா, மீதிப் பாதி இது. வயலில் இருப்பது ஒரு தனி இலை அல்ல. மேலே ஓர் அடுக்கு இலை, அதற்குக் கீழே இன்னோர் அடுக்கு, அதற்கும் கீழே ஒன்று. மேலடுக்கு உச்சி வெயிலில் நிறைந்திருக்கும் அதே நேரத்தில், கீழடுக்கு ஒளி போதாமல் கிடக்கும். ஆக, ஒரு முழு வயல் எளிதில் நிறைவதில்லை. வெயிலில் 30 சதவீதத்தைப் பேனல் தடுத்தால் "மிஞ்சியதைத்தானே எடுத்தோம்" என்று சொல்ல முடியாது. கீழடுக்கு இலைகளுக்குப் போகவேண்டியதிலும் கைவைத்திருக்கிறோம். அதற்காக விளைச்சலும் 30 சதவீதம் விழுந்துவிடும் என்பதும் இல்லை, ஏனென்றால் மேலடுக்கு இழந்ததில் ஒரு பகுதி உண்மையிலேயே மிச்சம்தான். தண்ணீரும் தட்பவெப்பமும் சாதாரணமாக இருக்கும் ஆண்டில் இழப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

செடியும் சும்மா இருக்காது. பிரான்சில் மோன்பெலியே நகரில் நடந்த சோதனையில், பேனல் அடியில் வளர்ந்த லெட்யூஸ் கீரை இலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஒவ்வோர் இலையையும் அகலமாக விரித்தது. கிடைக்கிற ஒளியைக் கூடுதலாகப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. இலையையே விற்கும் பயிருக்கு இது லாபம். ஆனால் மணியோ காயோ கிழங்கோ விற்கும் பயிரில், இலையை விரிக்கச் செலவான சத்து அறுவடைக்கு வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிழலில் கீரை செழித்ததைக் காட்டி எள்ளும் அப்படியே வரும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

## வெயிலோடு வருகிற சூடு

இதுவரை நிழல் பறித்ததை மட்டும் பார்த்தோம். அது கொடுப்பது என்ன?

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. இவற்றை இலைத்துளை என்கிறோம். கரியமில வாயு உள்ளே வருவதும், இலையின் ஈரம் ஆவியாக வெளியே போவதும் இதே துளை வழியாகத்தான். நடுப்பகல் சூட்டில் வேர் தரும் தண்ணீரைவிட வேகமாக ஈரம் வெளியேறினால் செடி துளையைச் சாத்திவிடும். சாத்தினால் ஈரம் மிஞ்சும், ஆனால் கரியமில வாயுவும் நின்றுபோகும். மேலே வெயில் கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே வேலை நடக்காது. அந்த நேரத்தில் வெயிலின் ஒரு பகுதியைப் பேனல் தடுத்தால் இலை சூடு குறையும், துளை கூடுதல் நேரம் திறந்திருக்கும், மண்ணிலிருந்து நேரடியாகப் போகும் ஈரமும் குறையும்.

மிளகாய் மூன்று மடங்கு காய்த்த கதை இங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைநிலத்தில், கிரெக் பேரன்-காஃபர்ட் குழு செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு அது. பேனலின் தாழ்ந்த ஓரமே தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல். சில்டெபின் என்ற காட்டு மிளகாய் மூன்று மடங்கும், செர்ரி தக்காளி இரண்டு மடங்கும் காய்த்தன. படம் அனுப்புபவர்கள் விட்டுவிடுகிற செய்தி ஒன்று உண்டு: அதே சோதனையில் ஹாலப்பீன்யோ மிளகாயின் காய்ப்பு கூடவில்லை, ஏறத்தாழ வெளியில் இருந்த அளவேதான். ஆனால் அந்தச் செடி இலை வழியே இழந்த தண்ணீர் பாதிக்கும் கீழே போனது. ஒரே தோட்டத்தில் மூன்று பயிர், மூன்று விடை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். நிழல் ஒளியைக் குறைக்கிறது, அது நட்டம். நிழல் சூட்டையும் ஈர இழப்பையும் குறைக்கிறது, அது லாபம். அந்தப் பருவத்தில் பயிரைப் பிடித்து இழுத்தது ஒளிக் குறைவா, தண்ணீர்த் தட்டுப்பாடா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலே வருகிறது.

## ஹெகல்பாக்: ஒரே வயல், இரண்டு ஆண்டுகள்

உயரத்தில் பேனல், கீழே பயிர் என்ற யோசனையை 1981-லேயே எழுதியவர்கள் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கரும் அர்மின் சாஸ்ட்ரோவும். கோட்ஸ்பெர்கர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். அதே நிறுவனம் 2016-ல், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே ஹெகல்பாக் என்ற இடத்தில், ரசாயன உரம் போடாத ஒரு பண்ணையின் வயலில் இதைக் கட்டிப் பார்த்தது.

மூன்றில் ஒரு ஹெக்டேர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றே மேல். அறுவடை இயந்திரம் அடியில் போய்வர வேண்டும் என்பதற்காகப் பேனல்களுக்குக் கீழே 5 மீட்டர் உயரம் விட்டார்கள். பேனல் வரிசைகளுக்கு நடுவே 6.3 மீட்டர் வெட்டவெளி. இது சாதாரண சோலார் பண்ணையில் விடும் இடைவெளியைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். இரண்டு பக்கமும் ஒளியை வாங்கும் 720 பேனல்கள், மொத்தம் 194 கிலோவாட். ஒரு பேனல் ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், நிலத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கூரை போட்டது போல. அளந்து பார்த்தபோது, பயிருக்குப் பயன்படும் ஒளி வெளிவயலைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. மூடிய பரப்பும் இழந்த ஒளியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி பற்றிப் பேசும்போது இந்தக் கணக்குக்குத் திரும்பி வருவோம்.

நான்கு பயிர்கள்: குளிர்காலக் கோதுமை, உருளைக்கிழங்கு, செலரிக் கிழங்கு, குளோவர் கலந்த தீவனப்புல். பக்கத்திலேயே பேனல் இல்லாத ஒப்பீட்டு வயல்.

2017-ல் கோதுமை, உருளை, செலரி மூன்றும் 18, 19 சதவீதம் போலக் குறைந்தன. தீவனப்புல் 5 சதவீதம்தான் குறைந்தது. மேலே சொன்ன வாதத்தோடு இது பொருந்துகிறது: ஒளி 30 சதவீதம் போனது, விளைச்சல் அந்த அளவுக்கு விழவில்லை, விழாமலும் இல்லை.

2018-ல் நடு ஐரோப்பா முழுக்கக் கடும் வறட்சியும் வெப்பமும். இப்போது பேனல் அடியில் செலரி 12 சதவீதம், உருளை 11 சதவீதம், கோதுமை 3 சதவீதம் கூடுதலாக விளைந்தன. கோதுமை நிலத்தில் பேனல் அடி மண் வெளிவயலைவிட ஈரமாக இருந்ததையும் கோடையில் மண் சூடு குறைந்திருந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒளியின் இழப்பு முந்தைய ஆண்டு போலவேதான் இருந்தது. மாறியது எதிர்த்தட்டு: வெளிவயலில் தண்ணீர் இல்லை, அதனால் அங்கே கொட்டிய கூடுதல் வெயிலைப் பயிரால் பயன்படுத்த முடியவில்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். "கூடுதல்" என்பது பக்கத்து வயலோடு ஒப்பிட்டுத்தான். வறட்சியில் வெளிவயல் அடிவாங்கியது. பேனல் அடியில் அவ்வளவு அடி விழவில்லை. நல்ல மழையாண்டின் விளைச்சலைத் தாண்டிவிட்டதாக யாரும் அதைப் படிக்கக்கூடாது. அதோடு, அந்த வறட்சி ஆண்டிலும் தீவனப்புல் மட்டும் 8 சதவீதம் குறைந்தது. வறண்டால் எல்லாப் பயிரும் நிழலில் ஜெயிக்கும் என்று ஒரு விதி எழுத முடியாதபடி அது தடுக்கிறது.

## இடைவெளி, உயரம், திசை

சரி, எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? முதல் கணக்கு மிக எளிது. மேலிருந்து பார்த்தால் ஒரு பேனல் வரிசையின் அகலம் எவ்வளவு, ஒரு வரிசை தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த வரிசை தொடங்கும் இடம் வரை எவ்வளவு தூரம்? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது மூடல் பங்கு. 2 மீட்டர் அகலப் பேனலை 4 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் மூடல் பங்கு பாதி. 6 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் மூன்றில் ஒன்று. 8 மீட்டரில் கால். ஹெகல்பாக்கில் பார்த்தது போல, பருவம் முழுக்கச் சராசரியாக இழக்கும் ஒளி இந்தப் பங்கை ஒட்டியே இருக்கும் என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மோன்பெலியேயில் கிறிஸ்டியான் டுப்ராஸ் குழு இதையே இரண்டு அடர்த்தியில் வைத்துப் பார்த்தது. நெருக்கமான பகுதியில் பயிருக்கு ஏறத்தாழ பாதி ஒளி கிடைத்தது. வரிசைகளைப் பாதியாகக் குறைத்த பகுதியில் ஏறத்தாழ 70 சதவீதம் கிடைத்தது. லெட்யூஸ் விளைச்சல் இரண்டிலும் ஒளிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ நின்றது. லெட்யூஸ் நிழலைத் தாங்கும் கீரை என்பதை மறக்கக்கூடாது. பாதி ஒளியில் ஒரு பயறு வகையையோ தக்காளியையோ நான் போடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சராசரி ஒன்று, வயலுக்குள் அது பங்கிடப்படும் விதம் வேறொன்று. மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் முழு நிழலும் மீதியில் முழு வெயிலும் விழுந்தாலும் சராசரி அதேதான். ஆனால் பயிர் ஒரு பட்டையில் சவலையாகவும் அடுத்த பட்டையில் செழிப்பாகவும் நிற்கும், ஒரே நாளில் அறுக்க முடியாது. நிழல் வயல் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத் தீர்மானிப்பவை உயரமும் திசையும்.

உயரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 1 மீட்டர் உயரத்தில் உள்ள பேனலின் நிழல் நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர்தான் நகரும். 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே ஒரு மணி நேரத்தில் 1.3 மீட்டருக்கு மேல் நகரும். அதாவது உயர்த்தினால் நிழலின் மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை. அது ஒரே செடியின் மேல் கிடக்காமல் பலருக்கும் பங்கிடப்படுகிறது. வயதான தென்னந்தோப்பில் ஊடுபயிர் மறுபடி வருவதற்கும் இதுவே காரணம். உயரத்துக்கு விலை உண்டு: தூணும் அடித்தளமும் காற்றைத் தாங்க வேண்டும், செலவு சரசரவென ஏறும்.

திசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மின்சாரம் மட்டும் வேண்டுமென்றால் நம் பக்கத்தில் பேனலைத் தெற்கே பார்த்து வைப்பார்கள்; அப்போது வரிசைகள் கிழக்கு மேற்காக நீளும். சூரியனும் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. விளைவு: நிழல் நகரத்தான் செய்கிறது, ஆனால் வரிசையின் நீளவாக்கிலேயே. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சமபகல் நாளை ஒட்டி, காலை முதல் மாலை வரை ஏறத்தாழ ஒரே பட்டைதான் நிழலில் கிடக்கும். எவ்வளவு உயர்த்தினாலும் அந்த நாட்களில் இது தீராது. ஹெகல்பாக்கில் இதற்காகவே பேனல்களை நேர் தெற்கே வைக்காமல் தென்மேற்கே திருப்பினார்கள். மின்சாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கீழே ஒளி சீராக விழும்படி செய்தார்கள். வரிசைகளை வடக்கு தெற்காக நிறுத்தினால் நிழல் குறுக்காக நடந்து, காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் விழும். சூரியன் உச்சந்தலைக்கு மேல் வரும் தமிழ்நாட்டில், பயிரை நினைத்துக் கட்டுபவர் முதலில் யோசிக்க வேண்டிய அமைப்பு இது.

சுருக்கமாக: இடைவெளி எவ்வளவு ஒளி போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. உயரமும் திசையும் அந்த ஒளி வயலில் எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

## "186 சதவீதம்" என்றால் என்ன?

ஹெகல்பாக் செய்தியில் அதிகம் திரித்துச் சொல்லப்படுவது இந்த எண்தான். விளைச்சல் 86 சதவீதம் கூடியதாகப் படித்தவர்கள் உண்டு.

இது நிலச் சமன் விகிதம். பேனலும் பயிரும் சேர்ந்து ஒரு ஹெக்டேரில் தருவதைத் தனித்தனியாக எடுக்க எத்தனை ஹெக்டேர் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 2018-ல் உருளைக்கிழங்கில், தூண்கள் தின்ற இடத்தையும் கழித்த பிறகு விளைச்சல் தனிப்பயிரில் 103 சதவீதம். மின்சாரம், முழுக்கப் பேனல் மட்டும் போட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதில் 83 சதவீதம். கூட்டினால் 186. அதாவது இரண்டையும் தனித்தனி நிலத்தில் எடுக்க 1.86 ஹெக்டேர் வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டுக்குச் சொன்ன எண் 160. அதில் பயிர் விளைச்சல் நூறுக்குக் கீழேதான்.

மொத்த எண் பெரிதாக இருக்கும்போதே பயிரின் பங்கு குறைந்திருக்கலாம். மின்சார வருமானம் நில உரிமையாளருக்கும், பயிர் குத்தகைக்காரருக்கும் போனால் 160 என்பது ஒருவருக்கு லாபக் கணக்கு, மற்றவருக்கு நட்டக் கணக்கு. அதனால் யாராவது இந்த விகிதத்தைச் சொன்னால், இரண்டு எண்களையும் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஜப்பான் அரசு 2013-ல் விதி வகுத்தபோது இதனால்தானோ என்னவோ கூட்டு எண்ணைத் தொடவில்லை. பேனல் அடியில் விளைவது அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று பயிரை மட்டும் வைத்து ஒரு கோடு போட்டது. பேனலைக் காட்டி வயலைக் கைவிடுவதைத் தடுக்க எனக்குத் தெரிந்து இதுவே நேரான வழி.

## வயலில் தெரியும் அடையாளங்கள்

நிழல் அளவுக்கு மீறிவிட்டதைச் செடியே சொல்லும். கணுவுக்குக் கணு தூரம் கூடித் தண்டு மெலிந்து நீளும், இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், பூப்பது தள்ளிப்போகும், கதிர் பிடித்த பயிர் சாயும். பச்சை அடர்த்தியாக இருப்பதைப் பார்த்துச் செழிப்பு என்று ஏமாந்துபோவது சுலபம். காலைப் பனி இலையில் கூடுதல் நேரம் நிற்பதால் பூஞ்சை நோயும் நிழல் பட்டையில்தான் முதலில் தலைகாட்டும்.

மழை தரும் தொல்லை வேறு. பேனல் மேல் விழுந்த மழை முழுவதும் அதன் தாழ்ந்த ஓரம் வழியாக ஒரே கோட்டில் கொட்டும். ஒரு கனமழைக்குப் பின் அந்தக் கோட்டில் சிறு வாய்க்கால் போல மண் அரிக்கப்பட்டிருந்தால், செடி சாய்ந்து சேறு படிந்திருந்தால், அங்கே ஒரு தகர வடிகால் வேண்டும் என்று பொருள். அதற்கு நேர்மாறாகப் பேனலின் நடு அடியில் மண் காய்ந்தே கிடக்கும். மானாவாரி நிலத்தில் இந்த இரண்டு பட்டைகளும் வெயில் நிழலைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

அறுவடையை எடைபோடும்போது பேனல் இல்லாத ஒரு பாத்தி கட்டாயம் வேண்டும். அதே விதை, அதே நாள், அதே உரம், அதே தண்ணீர். அப்புறம் பேனல் வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து எடைபோட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: வெளிப்பாத்தியில் 100 கிலோ விளைகிறது. அதே அளவு இடத்தில் பேனலுக்கு நேர் அடிப்பட்டை 70 கிலோ, வரிசைகளுக்கு நடுப்பட்டை 95 கிலோ தருகின்றன. மூடல் பங்கு மூன்றில் ஒன்று. அப்படியானால் 70-ல் மூன்றில் ஒரு பங்கையும் 95-ல் மூன்றில் இரண்டு பங்கையும் கூட்ட வேண்டும்: ஏறத்தாழ 87. நிழலால் வந்த இழப்பு 13 கிலோ. தூணும் அதைச் சுற்றி உழ முடியாத இடமும் நிலத்தில் 8 சதவீதம் தின்றிருந்தால், வீட்டுக்கு வந்து சேர்வது 80 கிலோ. நடுப்பட்டையில் மட்டும் மாதிரி எடுத்துக் காட்டுகிறவரின் தாளில் இதே வயலுக்கு 95 என்று இருக்கும்.